அறுபத்தெட்டாயிரம் கேட்க என்ன காரணம்?

வேலை விளம்பரத்தின் கடைசி வரியில்தான் சிக்கல் இருக்கும். பயோடேட்டாவுடன் தற்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட் மூன்றையும் குறிப்பிட்டு அனுப்பவும் என்று போட்டிருப்பார்கள். முதலாவதும் மூன்றாவதும் தெரிந்த விஷயம். நடுவில் இருப்பதற்கு வந்ததும் கை நின்றுவிடும். கூட எழுதினால் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ, குறைத்து எழுதினால் அதிலேயே மாட்டிக்கொள்வோமோ என்று யோசித்து, கடைசியில் பலர் ‘கம்பெனி விதிப்படி’ என்றோ ‘பேசிக்கொள்ளலாம்’ என்றோ எழுதித் தப்பிக்கிறார்கள். தப்பிப்பதாக நினைப்பதுதான். எதிர்த்தரப்பு முதலில் ஒரு எண்ணைச் சொன்னால், அதற்குப் பிறகு நடக்கும் பேச்சு முழுவதும் அந்த எண்ணைச் சுற்றியே ஓடும்.

ஒரு மாதிரி ஆளை எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, கணக்கு நிஜக் கணக்கு. கோவையில் பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறார். சேர்ந்து நான்கு வருடம் இரண்டு மாதம் ஆகிறது. ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்ட் மேனேஜர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். அங்கே மூன்று ஆலைகள். பயோடேட்டாவோடு மேனேஜருக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்ப உட்கார்ந்தவர் முதலில் எழுதியது இது. (இந்த மாதிரிக் குறிப்புகள் நம் ஊரில் ஆங்கிலத்தில்தான் போகும், விஷயம் விளங்க இங்கே தமிழில்.)

“தற்போது எனது சிடிசி 7.2 லட்சம். சென்னைக்குக் குடும்பத்துடன் மாற வேண்டியிருக்கிறது. அங்கே வீட்டு வாடகை அதிகம். பையனைப் புதிய பள்ளியில் சேர்க்க வேண்டும். வீட்டுக் கடன் தவணையும் இருக்கிறது. எனவே 10 லட்சம் எதிர்பார்க்கிறேன். சற்றுக் குறைத்தாலும் பரவாயில்லை.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் மேனேஜரின் நிலையை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். சம்பளம் அவர் பாக்கெட்டிலிருந்து போவதில்லை. பெரும்பாலான கம்பெனிகளில் அவர் தனியாக முடிவெடுக்கவும் முடியாது. அந்த வேலைக்கு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று ஒரு சம்பள வரம்பு உண்டு. அதன் மேல்பகுதியில் ஒருவரை எடுக்க வேண்டுமானால் எச்.ஆருக்கும், சில இடங்களில் நிதிப் பிரிவுத் தலைவருக்கும் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த மெயிலில் அவர் என்ன எழுதுவார்? இவர் பையனின் பள்ளிக் கட்டணம் அதிகம், எனவே வரம்புக்கு மேல் கொடுக்கலாம் என்றா? எழுத முடியாது. பக்கத்து மேஜையில் அதே வேலை பார்ப்பவருக்கும் பையன் இருக்கிறான், வாடகை இருக்கிறது.

ஆகவே இந்தக் குறிப்பு ஒருவருக்கு எழுதினாலும் மூன்று பேர் படிப்பது. மேனேஜர் அதிலிருந்து இரண்டு வரியை அப்படியே வெட்டித் தன் ஒப்புதல் மெயிலில் ஒட்ட முடியுமா என்பதுதான் சோதனை. கஷ்டத்தை ஒட்ட முடியாது. வேலையின் விலையை ஒட்டலாம்.

காரணம் சொன்னாலே போதும், எதிராளி இளகிவிடுவார் என்று ஒரு நம்பிக்கை உண்டு. 1978-இல் எலன் லாங்கரும் இருவரும் வெளியிட்ட ஆய்வை அதற்குச் சாட்சியாகச் சொல்வார்கள். ஜெராக்ஸ் மெஷினில் நகல் எடுக்க நிற்பவரிடம் போய், முதலில் நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்பதுதான் சோதனை. ஐந்து பக்கம்தான் என்று வெறுமனே கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டுக்கொடுத்தார்கள். ‘அவசரம்’ என்று காரணம் சொன்னபோது 94 சதவீதம். ‘ஏனென்றால் நகல் எடுக்கணும்’ என்று காரணமே இல்லாத காரணத்தைச் சொன்னபோதும் 93 சதவீதம். கதை வழக்கமாக இங்கே நின்றுவிடும். அதே ஆய்வின் மறுபாதியைத்தான் சம்பளம் கேட்பவர் படிக்க வேண்டும். ஐந்துக்குப் பதில் இருபது பக்கம் என்று கேட்டபோது, வெறுமனே கேட்டதற்கும் போலிக் காரணத்துக்கும் ஒரே பலன்தான்: 24 சதவீதம். உண்மையான காரணம் சொன்னபோது மட்டும் 42 ஆனது. சின்னக் கோரிக்கையில் காரணம் சடங்கு. பெரிய கோரிக்கையில் கேட்பவர் காரணத்தை எடைபோட்டுப் பார்க்கிறார். சம்பளம் இருபது பக்க ரகம்.

நம் கோவைக்காரர் காரணத்துக்கு முன்னால் எண்ணைச் சரிசெய்ய வேண்டும். அவர் எழுதிய 7.2 லட்சம் உண்மையில் என்ன? பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 60,000. கையில் வருவதோ 49,000. நடுவில் காணாமல் போன 11,000 எங்கே என்று பார்த்தால்தான் எதைக் கேட்பது என்பது புரியும்.

சிடிசி என்பது அந்த ஊழியருக்காகக் கம்பெனி வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை. சம்பளம் அதில் ஒரு பகுதிதான். இவருடைய 7,20,000-இல் மாதச் சம்பளம் 51,000 வீதம் 6,12,000. அதில் அடிப்படைச் சம்பளம் 26,000. மீதி 1,08,000 இப்படிப் பிரிகிறது. 15,000 ரூபாய் வரம்பில் 12 சதவீதமாகக் கம்பெனி தன் பங்குக்குக் கட்டும் பிஎப், மாதம் 1,800 வீதம் 21,600. பணிக்கொடைக்கு ஒதுக்கியது 15,000. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 11,400. வேரியபிள் பே 60,000. மாதச் சம்பளமான 51,000-இலும் ஊழியரின் பங்காக இன்னொரு 1,800 பிஎப்புக்கும், கொஞ்சம் தொழில் வரிக்கும் பிடித்தம் போக 49,000 நிற்கிறது.

இதில் வேரியபிள் வந்தால் வரும். போன வருடம் இவருக்கு வந்தது 42,000. பணிக்கொடை இன்னும் வேடிக்கை. நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருட சர்வீஸ் ஆகாமல் அது கிடைக்காது. நான்கு வருடத்துடன் ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது; அந்தக் கணக்குக்கும் இவர் எட்டமாட்டார். ஆக, இத்தனை வருடமாக சிடிசியில் காட்டிவந்த அந்த 15,000-ஐ இவர் ஒருநாளும் கண்ணால் பார்க்கப்போவதில்லை.

எனவே 10 லட்சம் என்று மொட்டையாகக் கேட்பது ஆபத்து. கம்பெனி 10 லட்சத்தைக் கொடுத்தும், கையில் சொற்பம் வருகிற மாதிரி அதைப் பிரித்துக் காட்ட முடியும். கேட்க வேண்டியது மாதச் சம்பளம், பிக்ஸட். எழுத்தில் வர வேண்டிய சொல்லும் அதுதான்.

எவ்வளவு? இதே பொறுப்புக்கு வந்த விளம்பரங்களை அவர் ஒரு மாதமாகப் பார்த்து வைத்திருக்கிறார். கூடப் படித்தவர்கள் இரண்டு பேர் இதே மாதிரி ஆலைகளில் இருக்கிறார்கள், அவர்களிடமும் கேட்டிருக்கிறார். எல்லாம் சேர்ந்து மாதம் 60,000-க்கும் 70,000-க்கும் நடுவில் நிற்கிறது. அதில் மேல்பாதியைக் கேட்கத் தன்னிடம் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறார். 68,000 என்று முடிவு செய்கிறார்.

அந்த விஷயம் என்ன என்பதை அருகில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் குறிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆலைக்குப் பொருள் சப்ளை செய்பவர்களிடம் வாங்கும்போது கம்பெனி ஜிஎஸ்டி கொடுக்கிறது. அந்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதுதான் இன்புட் கிரெடிட். ஆனால் 2022 ஜனவரி முதல் ஒரு நிபந்தனை இருக்கிறது. சப்ளை செய்தவர் தன் ஜிஎஸ்டிஆர்-1 கணக்கில் அந்த பில்லைக் காட்டி, அது வாங்கியவரின் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வந்தால்தான் கழிக்க முடியும். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்குக் கடைசி நாள் 11-ஆம் தேதி. 2பி 14-ஆம் தேதி உருவாகிறது. சப்ளையர் மறந்தால் பணம் நம்முடையது, தலைவலியும் நம்முடையது.

இந்தக் கோவைக்காரர் என்ன செய்தார் என்றால், 14-ஆம் தேதி வரை காத்திருந்து ஓட்டைகளைத் தேடாமல், 8-ஆம் தேதியே கொள்முதல் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, போன மாதங்களில் தவறிய சப்ளையர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். “அண்ணே, நம்ம மூணு பில்லும் இந்தத் தடவை ஏத்திருங்க, இல்லன்னா பேமெண்ட் நிக்கும்” என்பதுதான் பேச்சு. முதல் வருடத்தில் 14 சப்ளையர்களிடம் சிக்கிக் கிடந்த 3,40,000 ரூபாய் வரியில் 2,90,000 திரும்பக் கணக்குக்கு வந்தது. ஒரு நிதியாண்டின் பில்லுக்கு அடுத்த நவம்பர் 30-க்குள் கிரெடிட் எடுக்காவிட்டால் அந்தப் பணம் போனதுதான் என்பதால், இது வெறும் தாமதத்தைத் தவிர்த்த கதை இல்லை. போயிருக்க வேண்டிய பணம்.

சப்ளையர்கள் அதிகமுள்ள மூன்று ஆலை கம்பெனிக்கு இதன் அருமை ஒரு வரியிலேயே புரியும். இதை எழுதாமல்தான் அவர் வாடகையை எழுதிக்கொண்டிருந்தார்.

இன்னொரு பிரிப்பு பாக்கி இருக்கிறது. அனுபவம் உள்ள எச்.ஆர். ஆட்கள் இதை உடனே கவனிப்பார்கள், விண்ணப்பதாரர்களில் பலர் கவனிப்பதே இல்லை. வேலை மாறுவதால் இவருக்கு ஏற்படும் நஷ்டம் சில, ஒருமுறை மட்டும் நிகழ்பவை. கையில் வராத பணிக்கொடை அப்படி ஒன்று: அடிப்படைச் சம்பளம் 26,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 15,000; நான்கு வருடத்துக்கு 60,000. இன்னும் பத்து மாதம் பொறுத்தால் ஐந்து வருடக் கணக்கே கிடைத்திருக்கும். ஏப்ரலில் வர வேண்டிய வேரியபிளும் போகும், ஏனென்றால் அது வழங்கும் நாளில் வேலையில் இருப்பவருக்குத்தான். போன வருடம் வந்த 42,000-ஐ வைத்து, வேலை பார்த்த பத்து மாதத்துக்குக் கணக்கிட்டால் 35,000. மொத்தம் 95,000.

இதை மாதச் சம்பளத்துக்குள் திணித்துக் கேட்டால் கம்பெனி வருடாவருடம் அதைச் சுமக்க வேண்டும். பக்கத்து மேஜைக்காரரின் சம்பளத்தோடு ஒப்பிடும் பிரச்சினையும் வரும். ஜாயினிங் போனஸாகக் கேட்டால் ஒரே தடவை, சம்பள வரம்பைத் தொடாது. ஒருமுறை நஷ்டத்துக்கு ஒருமுறைப் பணம், தொடரும் வேலைக்குத் தொடரும் சம்பளம். இரண்டையும் கலக்காதவரை எச்.ஆர். விவரம் தெரிந்தவராக நடத்துகிறது.

திருத்திய குறிப்பு இப்படி வந்தது:

“மாதச் சம்பளம் பிக்ஸடாக 68,000 ரூபாய் எதிர்பார்க்கிறேன் (பிஎப்பில் கம்பெனியின் பங்கு, பணிக்கொடை, காப்பீடு, வேரியபிள் தவிர்த்து). தற்போது பிக்ஸட் 51,000. நான் இப்போது பார்ப்பது ஓர் ஆலையின் கணக்கு. தங்கள் விளம்பரத்தில் இருப்பது மூன்று ஆலைகளின் ஜிஎஸ்டி, மாத முடிவுக் கணக்கு, இரண்டு பேரை மேற்பார்வை செய்வது. இங்கே மாத முடிவுக் கணக்கை 11 நாளிலிருந்து 6 நாளாகக் குறைத்தேன். சப்ளையர்கள் காட்டாத பில்களை 2பி உருவாகும் முன்பே பின்தொடர்ந்ததில் முதல் வருடம் 2,90,000 ரூபாய் இன்புட் கிரெடிட் திரும்ப வந்தது. இதே பொறுப்புக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் 60,000 முதல் 70,000 வரை தரப்படுவதாக அறிகிறேன். இப்போது விலகுவதால் இழக்கும் பணிக்கொடை, வேரியபிள் 95,000 ரூபாய். இதை ஜாயினிங் போனஸாகக் கருத வேண்டுகிறேன். நோட்டீஸ் பீரியட் 60 நாள்.”

பள்ளிக்கூடம் இல்லை. வாடகை இல்லை. ‘சற்றுக் குறைத்தாலும் பரவாயில்லை’ என்பதும் இல்லை. அந்த வரி ஒரு வினோதம். யாரும் கேட்காமலே தன் விலையைத் தானே வெட்டிக்கொள்வது. சந்தையில் காய்கறிக்காரர்கூட அப்படிச் செய்யமாட்டார்.

தற்போதைய சம்பளத்தைச் சொல்ல வேண்டுமா என்பது தனிக் கேள்வி. கலிபோர்னியா மாநிலத்தில் 2018 முதல் வேலைக்கு எடுப்பவர் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023-இல் கொண்டுவந்த ஆணையில் அதையே சொல்லி, உறுப்பு நாடுகள் சட்டமாக்க 2026 ஜூன் வரை அவகாசம் கொடுத்தது. குறைந்த சம்பளத்தில் தொடங்கியவர் எங்கே போனாலும் அந்தக் குறையையும் சுமந்து போகக் கூடாது என்பது அதன் தர்க்கம். இந்தியாவில் அப்படித் தடை இல்லை. கடைசி மூன்று மாத பேஸ்லிப் கேட்பது சாதாரணம். பழைய சம்பளத்துக்கு மேல் இத்தனை சதவீதம்தான் என்று வாய்மொழி விதி வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. நம்மவர் கேட்பது 33 சதவீதம். அந்த மாதிரி இடத்தில் சதவீதத்தைப் பற்றிப் பேசாமல், வேலை எப்படி வேறு என்று பேசுவதே வழி. அதனால்தான் குறிப்பில் 51,000-ஐ அடுத்த வரியிலேயே ஓர் ஆலையா மூன்று ஆலையா என்ற ஒப்பீடு வருகிறது.

பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதைப் பலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். பேஸ்லிப்பைத் திருத்தினாலும் படிவம் 16-இல் வருடச் சம்பளம் இருக்கும், வங்கிக் கணக்கில் மாத வரவு இருக்கும், பிஎப் கணக்கில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும். சேர்ந்த பிறகு நடக்கும் சரிபார்ப்பில் சிக்கினால் வேலையே போகும்.

நான்கு நாள் கழித்து எச்.ஆரிலிருந்து போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

“சார், மேனேஜருக்கு உங்க புரொபைல் ரொம்பப் பிடிச்சிருக்கு. நாங்க 9 லட்சம் சிடிசி கொடுக்கலாம்னு இருக்கோம். நீங்க கேட்டதைவிடவே அதிகம்.”

அதிகமா? அவர் கேட்ட 68,000-ஐ வருடமாக்கினால் 8,16,000. கம்பெனி கட்டும் பிஎப் 21,600-ஐயும், அடிப்படை 34,000 என்றால் பணிக்கொடை 19,600-ஐயும் சேர்த்தால் சுமார் 8.57 லட்சம். ஆக, 9 லட்சம் கூடத்தான் தெரிகிறது.

“சந்தோஷம் மேடம். அதுல வேரியபிள் எவ்வளவு?”

“ஒன்றரை லட்சம் சார்.”

இங்கே பேனாவை எடுக்க வேண்டும். 9,00,000-இல் வேரியபிள் 1,50,000 போகிறது. பிஎப் 21,600, பணிக்கொடை 16,700 சொச்சம், காப்பீடு 12,000 என்று எடுத்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 7 லட்சம். மாதம் 58,300. கேட்டதைவிட மாதத்துக்கு 9,700 குறைவு, பெயருக்கு மட்டும் 9 லட்சம். குறிப்பில் அடைப்புக்குறிக்குள் எழுதிய அந்த ‘தவிர்த்து’ இப்போதுதான் வேலை செய்கிறது. “மேடம், நான் கேட்டது பிக்ஸட் மட்டும். மெயில்ல அப்படித்தான் போட்டிருக்கேன்” என்று சொன்னால் போதும், சண்டை வேண்டாம்.

கூடக் கொடுத்தால் வரியில் போய்விடும் என்ற வாதமும் இடையில் வரலாம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வருமான வரி இல்லை. 68,000 சம்பளமும் 95,000 போனஸும் சேர்ந்தாலும் 9.11 லட்சம்தான். கூடும் ஒவ்வொரு ரூபாயும் கையில் வரும்.

எச்.ஆர். இறங்கிவரும்போது சொல்லும் உண்மையான தடை வேறு: “டீம்ல ஏற்கெனவே இருக்கிறவருக்கு 63 சார். உங்களை 68-ல எடுத்தா அவர் கேள்வி கேட்பார்.” இது சாக்கு இல்லை, மேனேஜருக்கு நிஜமாகவே தலைவலி தரும் விஷயம். இந்த இடத்தில் பிடிவாதத்தைவிட நேரம் கேட்பது பலிக்கும். நம்மவர் 64,000-க்கு ஒப்புக்கொண்டு, ஆறு மாதத்தில் மூன்று ஆலைகளின் 2பி சரிபார்ப்பும் தன் கைக்கு வந்து சீரானால் 68,000 என்று ஆபர் லெட்டரில் எழுதித் தரச் சொல்கிறார். வாயால் சொல்லும் ‘ரிவியூ’, அதைச் சொன்ன எச்.ஆர். வேறு கம்பெனிக்குப் போகிறவரைதான் உயிரோடு இருக்கும். போனஸில் 80,000 வரை வருகிறார்கள்.

ஆபர் லெட்டர் வருகிறது. 64,000 சரியாக இருக்கிறது, ஆறு மாத வரியும் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில், ஒரு வருடத்துக்குள் விலகினால் ஜாயினிங் போனஸ் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை. பதினோராவது மாதத்தில் போனாலும் முழு 80,000. அவர் அதை அடிக்கோடிட்டு, ‘முழுத் தொகை’ என்ற இடத்தில் ‘மீதமுள்ள மாதங்களுக்கு ஏற்ற தொகை’ என்று மாற்ற முடியுமா என்று கேட்டு மெயில் அனுப்புகிறார். மறுநாள் மதியத்துக்குள் திருத்திய பிரதி வந்துவிடுகிறது. பிறகுதான் கோவை கம்பெனியில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கிறார்.